தேங்காய் எண்ணெயா, கடலை எண்ணெயா, நெய்யா: ஒரு வீட்டின் மாத எண்ணெய்ப் பட்டியலும் இதய நோய்ச் சான்றுகளும்

நாகர்கோவில் பக்கத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் என நான்கு பேர். கணவருக்கு வயது 52. சர்க்கரை நோய் இல்லை, புகைப்பழக்கம் இல்லை, ஆனால் இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு என்று பேசப்படும் எல்டிஎல் டெசிலிட்டருக்கு 148 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. மருத்துவர் "எண்ணெயைக் குறையுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எந்த எண்ணெயை, எவ்வளவு, எதற்குப் பதிலாக என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. மாத மளிகைப் பட்டியலில் இருப்பவை இவை: தேங்காய் எண்ணெய் 2 லிட்டர், சூரியகாந்தி எண்ணெய் 1 லிட்டர், ரேஷன் கடைப் பாமாயில் 1 லிட்டர், நெய் அரை கிலோ. இவை தவிர, நாள்தோறும் அரைமூடித் தேங்காயும் வாரம் அரைக்கிலோ நேந்திரங்காய் சிப்ஸும் வீட்டுக்குள் வருகின்றன. குடும்பம் மாதிரிக்காக அமைத்ததுதான் என்றாலும், குமரி மாவட்டத்துச் சமையலறைகளை அறிந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதாக இராது. இதில் எதை மாற்றினால் பலன் உண்டு, எதை மாற்றாமல் விட்டாலும் இழப்பில்லை என்பதே இந்த ஒப்பீட்டின் கேள்வி.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். கொழுப்பு மொத்தமாக எவ்வளவு என்பதைவிட, அதில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதே இதயத்தைப் பொறுத்தவரை பயனுள்ள அளவுகோல். எல்டிஎல் துகள்களை இரத்தத்திலிருந்து இழுத்து எடுப்பது கல்லீரல் செல்களின் மேலுள்ள ஏற்பிகள். நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது அந்த ஏற்பிகளின் வேலை குறைகிறது, எல்டிஎல் இரத்தத்திலேயே தங்குகிறது, ஆண்டுக்கணக்கில் தங்கியது தமனிச் சுவரில் படிகிறது. எல்டிஎல் இதய நோய்க்கு வெறும் அடையாளம் அன்று, காரணமே என்பதற்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சான்றுகள் உள்ளன: பிறவியிலேயே மரபணுக் குறையால் எல்டிஎல் மிகுந்தவர்களுக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வருகிறது, மருந்தால் எல்டிஎல்லைக் குறைத்தவர்களுக்கு, குறைத்த அளவுக்கு ஏற்ப, மாரடைப்பும் பக்கவாதமும் குறைகின்றன. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பிலிருந்து வரும் கணக்கு. எல்டிஎல்லைக் குறைக்க வேண்டியவர்களுக்கு அமெரிக்க இதயச் சங்கம் சொல்லும் அளவு இன்னும் கடுமையானது. அதே கலோரிக் கணக்கில் ஏறத்தாழ 13 கிராம்.

இனி நம் வீட்டின் கணக்கு. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு; நெய்யில் 60 முதல் 65; பாமாயிலில் 45 அளவு; சூரியகாந்தி எண்ணெயில் 11. நான்கு பேர், முப்பது நாள் என்று வகுத்தால், தேங்காய் எண்ணெயிலிருந்து மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 14 கிராம் நிறைவுற்ற கொழுப்பு சேர்கிறது. பாமாயில் மூன்றரை கிராம், நெய் இரண்டரை கிராம், சூரியகாந்தி ஒரு கிராமுக்கும் குறைவு. அரைமூடித் தேங்காயில் சுமார் 120 கிராம் பருப்பு இருக்கும் என்று கொண்டால், ஒருவர் பங்குக்கு 30 கிராம் தேங்காயும் அதிலிருந்து 9 கிராம் நிறைவுற்ற கொழுப்பும் வருகின்றன. ஆக 30 கிராம். பாலும் மீனும் இறைச்சியும் சிப்ஸும் இன்னும் கணக்கில் வரவில்லை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவுடன் தெரிவது ஒன்று. வழக்கமாக முதலில் குற்றம் சாட்டப்படும் நெய், இந்த வீட்டில் பெரிய பங்காளி அன்று. தாளிப்பிலிருந்து மீன் வறுவல் வரை எல்லாவற்றுக்கும் ஊற்றப்படும் தேங்காய் எண்ணெய்தான் பாதிச் சுமையைச் சுமக்கிறது. ஆகவே தேங்காய் எண்ணெயைப் பற்றிய சான்றுகளைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தேங்காய் எண்ணெய்க்கு ஆதரவாகச் சொல்லப்படுபவை

தேங்காய் எண்ணெயையும் பிற தாவர எண்ணெய்களையும் மனிதர்களுக்குக் கொடுத்து ஒப்பிட்ட 16 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த எண்ணெய்களுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை உண்டவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 10 மில்லிகிராம் உயர்ந்தது; நல்ல கொழுப்பு என்று பேசப்படும் எச்டிஎல்லும் 4 மில்லிகிராம் உயர்ந்தது. தேங்காய் எண்ணெயை ஆதரிப்பவர்கள் இரண்டாவது எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். எச்டிஎல் உயர்ந்தால் எல்டிஎல் உயர்ந்ததற்கு ஈடாகிவிடும் என்பது அவர்கள் வாதம். இருபது ஆண்டுகளுக்கு முன் இந்த வாதத்தை மறுக்க முடிந்திருக்காது. அதன் பிறகு எச்டிஎல்லை நன்றாக உயர்த்தும் மருந்துகள் பல ஆயிரம் பேரிடம் சோதிக்கப்பட்டன. எச்டிஎல் உயர்ந்தது, ஆனால் பெரும்பாலான மருந்துகளில் மாரடைப்பு குறையவில்லை. மரபணு அமைப்பால் எச்டிஎல் மிகுந்து பிறந்தவர்களுக்கும் அதனால் மட்டும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. எனவே உயர்ந்த 4 மில்லிகிராம் எச்டிஎல்லை வரவாக எழுதி, 10 மில்லிகிராம் எல்டிஎல்லிலிருந்து கழிப்பது சரியான கணக்கு ஆகாது.

இரண்டாவது வாதம் லாரிக் அமிலத்தைப் பற்றியது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு என்பதால் நேரே கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும், உடலில் தங்காது என்று சொல்கிறார்கள். எட்டு, பத்துக் கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலங்களுக்கு அது பொருந்தும். மருத்துவமனைகளில் பயன்படும் நடுத்தரச் சங்கிலி எண்ணெய் அவற்றால் ஆனது. தேங்காய் எண்ணெயில் அவ்விரண்டும் சேர்ந்து 15 விழுக்காடு அளவே. லாரிக் அமிலம் பன்னிரண்டு கார்பன் நீளமுள்ளது. அதன் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவே நிணநீர் வழியாக இரத்தத்தில் சேர்கிறது. மருந்து எண்ணெயில் செய்த ஆய்வின் முடிவைத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியில் அச்சிடுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

மூன்றாவது வாதம் முன்னோர்களைப் பற்றியது: தலைமுறைகளாகத் தேங்காய் உண்டும் அவர்கள் இதய நோயின்றி வாழ்ந்தார்கள் என்பது. அதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. பசிபிக் தீவுகளான புகாபுகாவிலும் டோக்கலாவிலும் தேங்காயே முதன்மை உணவாக இருந்தது. டோக்கலாவில் கலோரியில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் தேங்காயிலிருந்து வந்தது. அங்கு இதய நோய் அரிதாகவே இருந்தது என்று ஓர் ஆய்வு கண்டது. ஆனால் அதே ஆய்வு, தேங்காய் கூடுதலாக உண்ட டோக்கலா மக்களின் இரத்தக் கொழுப்பு புகாபுகா மக்களுடையதைவிட அதிகம் என்பதையும் பதிவு செய்தது. அந்த மக்கள் உண்டது தேங்காயும் மீனும் கிழங்கும். சீனியும் மைதாவும் அவர்கள் உணவில் மிகக் குறைவு, உடலுழைப்பு மிகுதி. நம் முன்னோர்களுக்கும் இது பெருமளவு பொருந்தும். அவர்கள் தேங்காய் எண்ணெயைச் செக்கில் ஆட்டி அளந்து ஊற்றினார்கள், வயலுக்கு நடந்து போனார்கள்; இரண்டு லிட்டர் பாக்கெட் அடுப்பங்கரையில் எப்போதும் இருக்கவில்லை.

கொச்சியில் நடந்த சோதனை ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேங்காய் எண்ணெய் விவாதங்களில் தவறாமல் எடுத்துக்காட்டப்படுவது அது. ஏற்கெனவே இதயத் தமனி நோய் உள்ள சுமார் 200 பேரில் பாதிப்பேர் தேங்காய் எண்ணெயிலும் மீதிப்பேர் சூரியகாந்தி எண்ணெயிலும் இரண்டு ஆண்டுகள் சமைத்து உண்டார்கள். இரத்தக் கொழுப்பிலும் இதய நிகழ்வுகளிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2016இல் முடிவு வெளியானது. நம் மண்ணில், நம் சமையலில் செய்யப்பட்ட நல்ல முயற்சி அது. ஆனால் அவர்கள் அனைவரும் இதய நோய்க்கான முழுச் சிகிச்சையில் இருந்தவர்கள்; கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எல்டிஎல்லை முப்பது முதல் ஐம்பது விழுக்காடு இறக்கிவிடும் நிலையில், எண்ணெயால் வரும் சிறு வேறுபாடு அதற்குள் மறைந்துவிட வாய்ப்புண்டு. இருநூறு பேரில் இரண்டு ஆண்டுகளில் நேரும் மாரடைப்புகளை எண்ணி இரண்டு எண்ணெய்களுக்கு இடையே தீர்ப்புச் சொல்லவும் முடியாது. மாத்திரை உண்பவர் தேங்காய் எண்ணெயில் தாளித்தால் பேராபத்து இல்லை என்பதற்கு அந்த ஆய்வு ஓரளவு துணை நிற்கும். மாத்திரை இல்லாமல் 148இல் நிற்கும் நம் வீட்டுக்காரருக்கு அது விடை சொல்லவில்லை.

மரச்செக்கு எண்ணெய், வெர்ஜின் தேங்காய் எண்ணெய் என்ற பிரிவுகளால் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. இங்கிலாந்தில் 2018இல் வெளியான ஒரு சோதனையில், நான்கு வாரம் நாளுக்கு 50 கிராம் வெர்ஜின் தேங்காய் எண்ணெய் உண்டவர்களுக்கு, வெண்ணெய் உண்டவர்களுக்கு உயர்ந்தது போல எல்டிஎல் உயரவில்லை என்பது உண்மை. ஒரு மாத ஆய்வு ஒன்றை, பதினாறு ஆய்வுகளின் சராசரிக்கு மேலே வைக்க நான் தயங்குகிறேன். செக்கில் ஆட்டும்போது மணமும் சில நுண்பொருள்களும் கூடுதலாகத் தங்குகின்றன. கொழுப்பு அமிலங்களின் விகிதம் அப்படியே இருக்கிறது.

எண்ணெயும் தேங்காயும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். துருவிய தேங்காயில் மூன்றில் ஒரு பங்குதான் கொழுப்பு. மீதியில் நாரும் நீரும் உண்டு, வயிறும் விரைவில் நிறைகிறது. அவியலுக்கும் துவையலுக்கும் அரைக்கும் அளவில் தேங்காயைக் குற்றவாளியாக்கும் சான்று இல்லை. பிழிந்த கெட்டித் தேங்காய்ப்பால் வேறு வகை. நார் சக்கையோடு போய்விடுவதால் அது எண்ணெய்ப் பக்கமே சாய்கிறது.

பதிலாக எதை ஊற்றுவது

நிறைவுற்ற கொழுப்பைக் குறைப்பதன் பலன், அந்த இடத்தில் எதைக் கொண்டுவருகிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் நடந்த சோதனைகளைத் திரட்டிய காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு ஆய்வில், நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் 17 விழுக்காடு அளவில் குறைந்தன. அந்தக் கால அளவுக்குள் மொத்த இறப்பில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. நிறைவுறா எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தபோது பலன் துலக்கமாக இருந்தது. நெய்யை நிறுத்திவிட்டு இன்னொரு கரண்டி சோறும் மாலையில் இரண்டு பிஸ்கட்டும் கூடுதலாக உண்பவருக்கு எல்டிஎல் சற்றுக் குறையலாம், ஆனால் இரத்தத்திலுள்ள மற்றொரு கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறி எச்டிஎல் இறங்கும். நம்மவர்களிடம் ஏற்கெனவே மிகுதியாகக் காணப்படும் கோளாறு அதுவே.

கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 18 விழுக்காடு அளவு, நல்லெண்ணெயில் 14 அளவு. இரண்டிலும் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பும் பல்நிறைவுறாக் கொழுப்பும் கலந்தே நிற்கின்றன. தமிழ்நாட்டுச் சமையலுக்கு இரண்டும் பழகியவை, இரண்டுக்கும் மணம் உண்டு, கடலை எண்ணெய் சூட்டையும் நன்றாகத் தாங்கும். இந்த வீட்டின் அன்றாடச் சமையலுக்கு நான் இவற்றையே தேர்ந்தெடுப்பேன். தவிட்டெண்ணெய் இவற்றுக்கு அருகில் நிற்கிறது. மணம் வேண்டாதவர்கள் அதையும் வாங்கலாம்.

சூரியகாந்தி எண்ணெயைப் பற்றி இன்று அச்சம் பரவியிருக்கிறது. அதிலுள்ள ஒமேகா 6 அழற்சியை உண்டாக்கும் என்று காணொளிகளில் சொல்லப்படுகிறது. சென்னையில் நடந்த ஒரு கள ஆய்விலும், சூரியகாந்தி எண்ணெய் பயன்படுத்திய வீடுகளில் இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்து உயரும் வளர்சிதை மாற்றக் கோளாறு, கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஊற்றிய வீடுகளைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் ஒரே நேரத்தில் எண்ணெயையும் நோயையும் கேட்டறியும் அத்தகைய ஆய்வில் காரணம் எது, விளைவு எது என்று பிரித்தறிய முடியாது; எடை கூடியவர்களும் வசதியானவர்களுமே "கொலஸ்டிராலுக்கு நல்லது" என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சூரியகாந்திக்கு மாறியிருக்கக்கூடும். பல நாடுகளில் அந்த ஒமேகா 6 வகையைச் சேர்ந்த லினோலிக் அமிலத்தை இரத்தத்திலேயே அளந்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வுகளில், அது மிகுந்தவர்களுக்கு இதய நோய் குறைவாகவே இருந்தது. ஆகவே தாளிக்கவும் வதக்கவும் சூரியகாந்தி எண்ணெயைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதன் உண்மையான குறை கொதிக்கும் வாணலியில்தான் வெளிப்படுகிறது: பல்நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த எண்ணெய் நெடுநேரச் சூட்டில் எளிதாகச் சிதைந்து ஆல்டிஹைடு போன்ற வேண்டாத பொருள்களாக மாறுகிறது.

ரேஷன் பாமாயில் மானிய விலையில் கிடைப்பது. பல வீடுகளுக்கு அதுவே கட்டுப்படியாகும் எண்ணெய். கடலை எண்ணெயைவிட எல்டிஎல்லுக்கு அது தாழ்ந்ததுதான், தேங்காய் எண்ணெயைவிட மேலானது. வேறு எண்ணெய் வாங்க இயலாத வீட்டில் பாமாயிலை நிறுத்தச் சொல்வதைவிட, அளவைக் குறைத்து, வாரத்தில் சில நாள் பொரியலைத் தண்ணீர் தெளித்து வேகவைப்பது நடக்கக்கூடிய மாற்றம்.

நெய்யைப் பற்றித் தனியாக நெடுங்கால ஆய்வுகள் மிகக் குறைவு. வெண்ணெய் எல்டிஎல்லை உயர்த்துகிறது என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி. நெய் அதன் கொழுப்பே என்பதால் வேறு மாதிரி நடக்கக் காரணம் இல்லை. ஆயினும் நெய்யின் கேடு கரண்டியின் அளவில் இருக்கிறது. பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் நெய், மூன்று கிராம் நிறைவுற்ற கொழுப்பு. ஒருவர் கணக்கில் எளிதாக அடங்கிவிடும். நெய்ரோஸ்ட்டும் பொங்கலும் அல்வாவும் ஒரே நாளில் சேரும்போது அடங்காது. நெய்யை வனஸ்பதியோடு ஒன்றாகப் பேசவும் கூடாது. பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை உயர்த்தி எச்டிஎல்லையும் தாழ்த்தும். உணவுக் கொழுப்புகளில் அதைவிடத் தீயது இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 தொடக்கத்திலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பை 2 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. சட்டப்படி தயாரான பொட்டலங்களில் இப்போது ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது.

சிப்ஸும் எண்ணெய்ச் சட்டியும்

நம் வீட்டின் பட்டியலில் சிப்ஸ் இன்னும் கணக்கில் வரவில்லை. சிப்ஸின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். தேங்காய் எண்ணெயில் வறுத்த நேந்திரங்காய் சிப்ஸ் 100 கிராம் உண்டால், 30 கிராமை ஒட்டிய நிறைவுற்ற கொழுப்பு உள்ளே போகிறது; ஒரு நாளின் வரம்பு ஒரு பொட்டலத்தில் தாண்டிவிடுகிறது. வாரம் அரைக்கிலோவை நான்கு பேர் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. வீடுகளில் சமமாகப் பகிர்வது நடப்பதில்லை. மாலையில் தொலைக்காட்சி முன் டப்பாவோடு உட்காருபவர் பங்கு மிகுதி.

பொரித்த உணவையும் இதய நோயையும் தொடர்புபடுத்திய ஆய்வுகளைத் திரட்டி 2021இல் வெளியான ஆய்வில், மிகக் குறைவாக உண்டவர்களைவிட மிகுதியாக உண்டவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் 28 விழுக்காடு கூடுதலாக இருந்தன. அதற்கு நேர் எதிராக, ஸ்பெயினில் சுமார் 41 ஆயிரம் பேரைப் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து, 2012இல் வெளியிட்ட ஆய்வில், பொரித்த உணவுக்கும் இதயத் தமனி நோய்க்கும் தொடர்பே தெரியவில்லை. இரண்டும் சரியாக இருக்க முடியும். ஸ்பெயினில் பெரும்பாலும் வீட்டில், ஆலிவ் அல்லது சூரியகாந்தி எண்ணெயில் பொரிக்கிறார்கள், எண்ணெயைப் பலமுறை திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில்லை, பொரித்தது மீனோ காய்கறியோ ஆகவும் இருக்கும். மற்ற நாடுகளின் ஆய்வுகளில் கடை உணவு மிகுதி. பொரிப்பது என்ற செயலைவிட, எந்த எண்ணெயில், எத்தனையாவது முறை, எந்தப் பண்டத்தை என்பதே முடிவை மாற்றுகிறது என்று இந்த வேறுபாட்டிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

பஜ்ஜிக் கடை வாணலியில் எண்ணெய் குறையக் குறையப் புது எண்ணெயைப் பழையதன் மேலேயே ஊற்றுவது பரவலான வழக்கம். பழைய எண்ணெய் முற்றாக ஒருபோதும் வெளியேறுவதில்லை. சூட்டில் சிதைந்த பொருள்களின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. கையில் கருவி இல்லாதவரும் சில அடையாளங்களைக் காணலாம். நல்ல எண்ணெயில் வடை போட்டவுடன் பெரிய குமிழ்கள் எழுந்து உடைந்து மறையும். கெட்ட எண்ணெயில் சிறு குமிழ்கள் நுரையாகத் திரண்டு பண்டத்தை எடுத்த பிறகும் விளிம்பில் நிற்கும். பண்டம் போடும் முன்பே புகை வரும். கரண்டியிலிருந்து சொட்டும்போது பிசுபிசுத்து இழுக்கும். வடையின் மேற்புறம் சீக்கிரம் கறுத்து, உள்ளே மாவு வேகாமல் இருக்கும், காகிதத்தில் வைத்தால் எண்ணெய் ஊறிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் பொரிக்கும்போது எண்ணெய் எவ்வளவு உள்ளே போகிறது என்பதை ஒரே ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது. வாணலியில் ஊற்றும் முன் எண்ணெயை எடை போட்டு, பொரித்து முடித்து ஆறிய பின் மீதியை எடை போட்டால், குறைந்ததை வடையின் எண்ணிக்கையால் வகுத்துவிடலாம். உறிஞ்சலில் பெரும்பகுதி, பண்டத்தை வெளியே எடுத்து அது ஆறும் நேரத்தில் நடக்கிறது. உள்ளிருக்கும் நீராவி அடங்கும்போது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளிழுக்கப்படுகிறது. எனவே அரிகரண்டியை வாணலிக்கு மேலேயே நன்றாக உதறி, சூடாக இருக்கும்போதே எண்ணெயை வடியவிட வேண்டும். மீந்த எண்ணெயை வடிகட்டி, மறுபடி பொரிக்காமல், குழம்பிலோ தாளிப்பிலோ ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும் என்பதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரையும்.

புதிய பட்டியல்

இப்போது நம் வீட்டின் பட்டியலைத் திருத்தி எழுதலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரி உணவுத் தட்டுக்கு ஒதுக்கியிருக்கும் எண்ணெயும் நெய்யும் சேர்ந்து நாளுக்கு 27 கிராம். நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். பழைய பட்டியலில் ஆளுக்கு 35 கிராம் ஆகியிருந்தது. புதிய பட்டியலில் கடலை எண்ணெய் ஒன்றரை லிட்டர், நல்லெண்ணெய் ஒரு லிட்டர், தேங்காய் எண்ணெய் கால் லிட்டர், நெய் 200 கிராம் என்று வைத்தால் ஆளுக்கு 22 முதல் 23 கிராம் ஆகிறது. வாரத்தில் ஒரு நாள் வடைக்கும் அப்பளத்துக்கும் சேர்த்தாலும் 27க்குள் நிற்கும். கால் லிட்டர் தேங்காய் எண்ணெய் அவியலின் மேலும் தீயலின் மேலும் கடைசியில் ஊற்றுவதற்கு. அந்த மணத்துக்கு ஒரு தேக்கரண்டி போதும், வதக்குவதை வேறு எண்ணெயில் முடித்துக்கொள்ளலாம். அரைமூடித் தேங்காய் மாறவில்லை. இந்த மாற்றத்தில் ஒருவரின் நிறைவுற்ற கொழுப்பு 30 கிராமிலிருந்து 15 கிராமுக்கு இறங்குகிறது. சிப்ஸை மாதம் ஒரு முறைக்குக் குறைத்து, மாலைக்கு வறுத்த கடலையோ சுண்டலோ வைத்தால் இன்னும் நான்கு கிராம் குறையும்.

இதனால் கிடைப்பது எவ்வளவு என்பதை மிகைப்படுத்தக் கூடாது. எண்ணெய் மாற்றத்தால் மட்டும் எல்டிஎல் 10 மில்லிகிராம் அளவில் இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். ஸ்டாட்டின் சோதனைகளில் எல்டிஎல் 39 மில்லிகிராம் குறைந்தபோது பெரிய இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் சுமார் 22 விழுக்காடு குறைந்தன. அந்த விகிதத்தில் 10 மில்லிகிராமுக்கு ஆறு விழுக்காடு அளவே வரும். பல்லாண்டு தொடர்ந்தால் இதைவிடக் கூடும், அந்தப் பலன் நான்கு பேருக்கும் சேர்ந்தே கிடைக்கும் என்பதால் இது செய்யத் தகுந்த மாற்றம்தான். ஆனால் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், எல்டிஎல் 190ஐத் தாண்டியவர், நெடுநாள் சர்க்கரை நோயாளி ஆகியோருக்கு எண்ணெயை மாற்றுவது மாத்திரைக்கு மாற்று ஆகாது. செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்தியவர்களைப் பற்றி மருத்துவர்கள் வருந்திச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

மாற்றியது வேலை செய்கிறதா என்று பார்க்க ஆறு முதல் எட்டு வாரம் போதும். அதே ஆய்வகத்தில், முன்பு போலவே வெறும் வயிற்றில், இடையில் வேறு மருந்தோ பெரிய எடை மாற்றமோ இல்லாமல் மறுபரிசோதனை செய்ய வேண்டும். எதையும் மாற்றாதவருக்கும் எல்டிஎல் ஒரு முறைக்கு மறுமுறை பத்து விழுக்காடு வரை கூடிக் குறையும். ஆகவே 148 என்பது 143 ஆனதைக் கொண்டு மகிழவும் முடியாது, 151 ஆனதைக் கொண்டு சோர்வடையவும் தேவையில்லை. இரண்டு பரிசோதனைகளின் சராசரி 135ஐ ஒட்டி வந்தால் எண்ணெய் மாற்றம் தன் வேலையைச் செய்திருக்கிறது. சிப்ஸும் தேங்காய் எண்ணெயும் உண்மையாகவே குறைந்த பிறகும் எண் அசையவில்லை என்றால், தைராய்டு சுரப்பைப் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும், ஏனெனில் தைராய்டு குறைவும் எல்டிஎல்லை உயர்த்தும். தைராய்டும் சரியாக இருந்து, குடும்பத்தில் ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்போ பெண்களுக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், பேச்சு எண்ணெயிலிருந்து மரபுக்கும் மருந்துக்கும் நகர வேண்டும். பிள்ளைகள் இருவருக்கும் இப்போதே ஒரு முறை கொழுப்புப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.